ரெஜிஸ்டருக்கு என்ன அவசரம்?

கேள்வி: எனக்கு வயது 32. வீடு பட்டர்வொர்த்தில், வேலை பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில். நாலு வருஷம் ஒருவரோடு பழகினேன். மூணாவது மாசமே போன் பாஸ்வேர்டு கேட்டார். 'நமக்குள்ள என்ன ரகசியம்' என்றார். அப்புறம் என் சம்பளக் கார்டை வாங்கிக்கொண்டார், சினேகிதிகளை வெட்டிவிட்டார், கடைசியில் அடியும் வாங்கினேன். விட்டு வந்து இரண்டு வருஷமாகிறது. இப்போது ஒருவரோடு ஐந்து மாதமாகப் பழகுகிறேன். நல்லவராகத்தான் தெரிகிறார். ஆனால் 'எங்க இருக்க?' என்று அவர் மெசேஜ் அனுப்பினாலே எனக்குக் கை நடுங்குகிறது. தீபாவளிக்கு முன்னாடி ரெஜிஸ்டர் பண்ணிவிடலாம், கோயில் கல்யாணத்தை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். போன தடவையும் நல்லவர் என்றுதானே நினைத்தேன்? என் கணிப்பை நானே எப்படி நம்புவது?
— பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: முதலில் தேதி குத்தியிருக்கிற விஷயத்தைப் பேசிவிடுவோம். தீபாவளிக்கு முன் ரெஜிஸ்டர் வேண்டாம். அவர் கெட்டவர் என்பதால் இல்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நம் வீடுகளில் ரெஜிஸ்டரை 'சும்மா ஒரு கையெழுத்து' என்று சொல்லிப் பழகிவிட்டோம். தாலி ஏறினால்தான் கல்யாணம், அதுவரை பிள்ளை அம்மா வீட்டில்தான் இருக்கும் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டப்படி, பதிவதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்ட நாளிலேயே நீங்கள் மனைவி. கோயில் கல்யாணம் நடக்காமலே உறவு முறிந்தாலும் அதை முடிக்க நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதிலும் பொதுவாக, திருமணமான நாளிலிருந்து இரண்டு வருஷம் ஆகாமல் மணவிலக்கு மனு போட முடியாது. விதிவிலக்கான, மிகக் கடுமையான துன்பம் என்று காட்டி நீதிமன்றத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்கலாம், ஆனால் அதற்கும் வக்கீல், செலவு, அலைச்சல் எல்லாம் உண்டு. ஐந்து மாதப் பழக்கத்தின் மேல் இவ்வளவு பெரிய பூட்டைப் போட வேண்டிய அவசியம் என்ன என்று அவரிடம் கேட்கலாம். வீட்டு லோனுக்காக என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லட்டும். அது நியாயமான காரணமாகவே இருக்கலாம். உங்கள் 'இப்போது வேண்டாம்' என்பதும் நியாயமானதே.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. போன தடவை உங்கள் கணிப்பு தவறியது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். உங்கள் கடிதமே வேறு கதை சொல்கிறது. நாலு வருஷத்தில் நடந்ததைச் சொல்ல உட்கார்ந்தவர், முதல் வேலையாக மூணாவது மாசத்துப் பாஸ்வேர்டை எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கே அது உறுத்தியிருக்கிறது. இல்லையென்றால் இத்தனை வருஷம் கழித்து அவர் சொன்ன வார்த்தையோடு நினைவில் நிற்காது. அதாவது நீங்கள் பார்த்தீர்கள். பார்த்ததற்கு அப்புறம்தான் ஏதோ நடந்தது. 'பாசத்தில் கேட்கிறார்' என்றோ 'கொடுக்காவிட்டால் சண்டை வரும்' என்றோ ஒரு விளக்கம் வந்து, பார்த்ததை மூடிவிட்டது. அடக்கி ஆள்கிறவர்கள் செய்கிற முக்கியமான வேலையே இதுதான். உங்கள் கண்ணில் படுவதற்கெல்லாம் அவர்களே அர்த்தம் சொல்லித் தருவார்கள். நாலு வருஷம் அதைக் கேட்டவருக்குத் தன் கண்ணின் மேலேயே சந்தேகம் வருவதில் ஆச்சரியம் இல்லை.

அதனால் ஒரு நோட்டு வாங்கி, பழைய உறவில் உறுத்திய நாலைந்து சம்பவங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி போதும்: என்ன நடந்தது, அப்போது உடம்பில் என்ன தெரிந்தது, அதற்கு நீங்களே உங்களிடம் சொல்லிக்கொண்ட சமாதானம் என்ன. அந்த மூன்றாவது வரிகளை மட்டும் தனியாக எடுத்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே மாதிரியான சமாதானமே திரும்பத் திரும்ப வரும். சிலருக்கு அது 'பாவம், அவருக்கு டென்ஷன்'. சிலருக்கு 'நான்தான் கோபப்படுத்திவிட்டேன்'. இந்தப் புது உறவில் அதே வாக்கியம் உங்கள் வாயில் வரும்போது கவனியுங்கள். அவர் தப்பானவர் என்பதற்கு அது சாட்சி ஆகாது. நீங்கள் எதையோ மூடப் பார்க்கிறீர்கள் என்பது மட்டும் அதில் தெரிந்துவிடும்.

கை நடுங்குவது வேறு விஷயம், அதைக் கணிப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சூடு கண்ட பூனை எந்த அடுப்பங்கரைக்கும் போகாது, அடுப்பு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று பார்க்கவும் நிற்காது. 'எங்க இருக்க?' என்ற அந்த இரண்டு வார்த்தை ஒரு காலத்தில் உங்களுக்கு ஆபத்தின் முன்னறிவிப்பாக இருந்திருக்கிறது. இன்று யார் அனுப்பினாலும் உடம்பு முந்திக்கொள்கிறது. அந்த நடுக்கம் 'இது பழைய மாதிரி இருக்கிறது' என்று மட்டும்தான் சொல்லும். எதிரில் இருப்பவர் யார் என்று சொல்லாது. அதை வைத்து அவரை ஒதுக்கவும் வேண்டாம், 'எனக்குத்தான் கோளாறு' என்று அடக்கவும் வேண்டாம். போனைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு நிதானமாகும் வரை அரைமணி நேரமானாலும் விடுங்கள். அதற்குப் பிறகு, ஒரு கேமரா இருந்திருந்தால் எது பதிவாகியிருக்குமோ அதை மட்டும் எழுதுங்கள்.

உதாரணத்துக்கு, ஷிப்ட் முடிந்து பினாங்குப் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டீர்கள், ஒரு மணி நேரம் போனைப் பார்க்கவில்லை. 'எங்க இருக்க?' என்று ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. நீங்கள் 'பாலத்தில் ஜாம்' என்றதும் 'சரி, பத்திரமா போ' என்று பதில் வருகிறது, அதோடு பேச்சு முடிகிறது. இது விசாரிப்பு. அதே ஒரு மணி நேரத்தில் ஏழு மிஸ்டு கால், 'யாரோட இருக்க', லைவ் லொகேஷன் அனுப்பச் சொல்வது, வீட்டுக்குப் போன பிறகும் இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருப்பது என்றால் அது கண்காணிப்பு. நடுக்கம் இரண்டிலும் ஒன்றாகத்தான் இருக்கும். நோட்டில் இருக்கிற பதிவு ஒன்றாக இருக்காது. ஆறேழு வாரம் எழுதினால், நீங்கள் நம்ப வேண்டியது உங்கள் மனநிலையையா அவர் வார்த்தையையா என்ற கேள்வியே பெரிதாக இருக்காது. எழுதியது எதிரில் இருக்கும். நோட்டை அவர் கையில் படாத இடத்தில் வையுங்கள், அம்மா கையிலும்தான்.

இதில் நமக்கு மிகவும் உதவப்போவது நீங்கள் சொல்லப்போகிற 'வேண்டாம்'. பொய்யாகச் சோதனை வைத்து ஆளைப் பரிட்சித்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. அது நல்லவரையும் கோணலாக்கும். ஆனால் ரெஜிஸ்டர் விஷயத்தில் உங்களுக்கு நிஜமாகவே விருப்பம் இல்லை. அதை அப்படியே சொல்லுங்கள்: "உங்களோட பழகுறது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா இந்த வருஷம் ரெஜிஸ்டர் பண்ண நான் தயாரா இல்ல. அடுத்த வருஷம் பாதியில திரும்பப் பேசலாம்." இதற்கு மேல் காரணங்களை அடுக்காதீர்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு மறுப்பு வரும், கடைசியில் உங்களிடம் காரணம் தீர்ந்துபோகும்.

அவர் முகம் வாடும். வாடட்டும். கல்யாண ஆசையோடு இருக்கிறவருக்கு ஏமாற்றம் இருக்கத்தான் செய்யும். ஒரு நாள் பேசாமல் இருந்துவிட்டு, 'கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா சரி' என்று அவரே வந்து சொன்னால் அது ஆரோக்கியமான ஏமாற்றம். நான் கவலைப்படுவது ஏமாற்றம் தண்டனையாக மாறும்போது. 'அவன் செஞ்சதுக்கு நான் ஏன் அனுபவிக்கணும்?' என்று உங்கள் பழைய காயத்தை எடுத்து உங்கள் மேலேயே வீசுவது அதில் ஒன்று. உங்களிடம் சரி என்று சொல்லிவிட்டு, மறுநாள் உங்கள் அம்மாவுக்குப் போன் போட்டுப் புலம்புவது இன்னொன்று. அதே பேச்சு இரண்டு வாரத்தில் வேறு வாசல் வழியாக வருவதும் அப்படித்தான். 'சரி ரெஜிஸ்டர் வேணாம், கொண்டோவுக்கு ரெண்டு பேர் பேர்லயும் புக்கிங் போடலாம்' என்பது போல.

இதிலும் ஒரு எல்லை உண்டு. ஒரு 'வேண்டாம்' அழகாக ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதை வைத்து முடிவு எடுக்காதீர்கள். சாமர்த்தியமானவர்கள் கட்டு விழும்வரை பொறுமையாக இருப்பார்கள். அதனால்தான் காலம் வேண்டும் என்கிறேன். காலம் போவதால் மட்டும் ஒன்றும் தெரியாது. அந்தக் காலத்தில் அவருக்கு நஷ்டமோ சங்கடமோ வந்த நாள்களில் அவர் எப்படி இருந்தார் என்பதில்தான் தெரியும். ஒருவர் அவர் காரை உரசிவிட்டால் என்ன செய்கிறார், அவருடைய அக்கா எதிர்த்துப் பேசினால் என்ன செய்கிறார், நீங்கள் அவரைவிட அதிகமாகச் சம்பள உயர்வு வாங்கினால் என்ன சொல்கிறார்? ஐந்து மாதத்தில் இப்படி எத்தனை நாள் வந்திருக்கும்?

அதுவரை பழகுங்கள். பழகுவதை நான் நிறுத்தச் சொல்லவில்லை. பின்வாங்கக்கூடிய அடிகளைத் தாராளமாக வையுங்கள். சாப்பிடப் போகலாம், அவர் வீட்டாரைப் பார்க்கலாம், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குச் சேர்ந்து போகலாம். உங்கள் மைவியில் நீங்கள் போய் நீங்களே திரும்புவது நல்லது. சம்பளக் கணக்கு, சொந்தக் கார், வாரம் ஒரு நாள் சினேகிதிகள், இந்த மூன்றையும் கை மாற்ற வேண்டாம். பின்வாங்குவது கடினமான கூட்டு லோன், வேலையை விடுவது, குழந்தை, ரெஜிஸ்டர் எல்லாம் நோட்டு ஒரு வருஷம் நிறைந்த பிறகு பார்க்கலாம்.

பழைய கதையை அவரிடம் எவ்வளவு சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வரும். இப்போதைக்கு, 'முன்னாடி இருந்த உறவில் ரொம்ப அடிபட்டேன், அதனால் மெதுவாத்தான் போவேன்' என்பது போதும். எது உங்களைப் பயமுறுத்தியது, எதற்கு நீங்கள் பணிந்தீர்கள் என்ற விவரமெல்லாம் வேண்டாம். தப்பான ஆளாக இருந்தால் அவருக்கு அது வழிகாட்டிப் புத்தகம் ஆகிவிடும். அம்மாவுக்கு இன்னும் சுருக்கமாக: 'இல்லன்னு சொல்லலம்மா, இப்ப இல்லன்னு சொல்றேன்.' அடி வாங்கிய விஷயம் அம்மாவுக்கு முழுதாகத் தெரியுமா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தெரியாது என்றால், இந்த அவசரத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நடுக்கம் தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்குப் போனால் தனியாகச் சமாளிக்க வேண்டாம். ஜார்ஜ்டவுனில் டபிள்யூசிசி என்ற பெண்கள் அமைப்பு இருக்கிறது, ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசியின் எண் 15999, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். இன்னொன்று: குடும்ப வன்முறைச் சட்டம் கணவன், முன்னாள் கணவன், குடும்பத்தாருக்குப் பொருந்துமே தவிர, கல்யாணம் ஆகாத முன்னாள் காதலனுக்குப் பொருந்தாது. ஆனால் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது 2023 மே 31 முதல் குற்றவியல் சட்டத்தின் 507ஏ பிரிவில் தனிக் குற்றம். மூன்று வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பயத்தை உண்டாக்குகிற மாதிரி இரண்டு தடவை செய்தாலே 'தொடர்ந்து' என்று ஆகிவிடும். உங்களுக்குப் புதிதாக ஒருவர் கிடைத்திருக்கிறார் என்று தெரிந்து பழையவர் மெசேஜ் அனுப்பத் தொடங்கினால், பதில் போடாதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள். தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சினேகிதி ஒருவருக்கும் அனுப்பி வைத்துவிட்டுப் போலீசில் புகார் கொடுங்கள்.