லைசோசோம் நொதி ஏன் செல்லுக்கு வெளியே போகிறது?

கேள்வி: ஐ-செல் என்ற பரம்பரை நோயில், செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்குரிய நொதிகள் இரத்தத்தில் மிகுந்து கிடக்கின்றனவாமே. சமிக்ஞை பெப்டைடு பழுதானதாலா?

இல்லை, அது நன்றாகவே இருக்கிறது. புரதத்தின் முன்முனையில் வரும் சுமார் 16–30 அமினோ அமிலத் துண்டு அது. நடுவில் நீர்விலக்கும் பகுதி உண்டு. ரைபோசோமிலிருந்து அது தலைகாட்டியதும் எஸ்ஆர்பி என்ற சமிக்ஞையறி துகள் பற்றிக்கொண்டு, ரைபோசோமை எண்டோபிளாச வலையின் சவ்வுக்கு இழுத்துச் செல்கிறது. சவ்விலுள்ள செக்61 என்ற துளை வழியாகப் புரதம் உள்ளே நுழையும்போதே துண்டு வெட்டப்படுகிறது. சுரக்கும் புரதமானாலும் லைசோசோம் நொதியானாலும் இதுவரை ஒரே பாதைதான்.

பாதை பிரிவது, புரதங்களைத் தரம்பிரித்து அனுப்பும் கோல்கியில். அங்கே பாஸ்போடிரான்ஸ்பெரேஸ் என்ற நொதி, லைசோசோம் நொதிகளின் மேற்பரப்பு வடிவத்தை அடையாளம் கண்டு, அவற்றின் சர்க்கரைக் கிளையில் மேனோஸ்-6-பாஸ்பேட் முத்திரை உருவாக வழிசெய்கிறது. கோல்கியின் மறுமுனையில் ஏற்பி அந்த முத்திரையைப் பிடித்து, எண்டோசோம் என்ற இடைநிலைப் பைக்கு அனுப்புகிறது. அங்குள்ள அமிலத்தில் பிடி விடுகிறது. நொதி லைசோசோமுக்குப் போக, ஏற்பி கோல்கிக்குத் திரும்புகிறது.

ஐ-செல் நோயில் பாஸ்போடிரான்ஸ்பெரேஸ் வேலை செய்வதில்லை. முத்திரையில்லாத கரையும் புரதத்துக்குச் செல் பரப்புதான் இயல்பான வழி. அதனால் நொதிகள் வெளியே கொட்டுகின்றன. செரியாத பொருள்கள் லைசோசோமில் தேங்கி, நோயாளியின் இணைப்புத் திசுவிலுள்ள நாரரும்புச் செல்கள் நுண்ணோக்கியில் பொதிகள் நிறைந்து தெரியும்.

குறை எங்கே என்பதைக் காட்டும் சோதனை அழகானது. இந்தச் செல்களுக்கு வெளியிலிருந்து இயல்பான நொதியைக் கொடுத்தால் உள்ளே எடுத்துக்கொள்கின்றன, ஏற்பி சரி. இவை சுரந்த நொதியையோ இயல்பான செல்கள் எடுப்பதில்லை. அப்படியானால் குறை நொதியின் முத்திரையில்தான்.