ஒரே தலைப்பாகை, ஏன் வேலூரில் மட்டும்?

கேள்வி: "எட்டாம் வகுப்புப் பசங்க வருஷத்தை மனப்பாடம் பண்றாங்க, ஏன் நடந்துச்சுன்னு கேட்டா முழிக்கிறாங்க. எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது?"

வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த வேலூர்ப் புரட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1806 ஜூலை 10. காரணம் கேட்டால் புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி தடை, திப்புவின் மகன்கள் என்று வரிசையாக ஒப்பிப்பார்கள், அதுவும் மனப்பாடம்தான்.

அங்கே ஒரு கேள்வி போடுங்கள்: தலைப்பாகை உத்தரவு ஆங்கிலேயரின் சென்னை ராணுவம் முழுவதற்கும்தானே, அப்புறம் ஏன் வேலூரில் இப்படி வெடித்தது? வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். பிறகு யாராவது, திப்புவின் குடும்பத்தை அந்தக் கோட்டையில்தானே வைத்திருந்தார்கள் என்பார்கள். சரி, 1799-ல் திப்பு இறந்த பிறகே அவர்கள் அங்கு வந்துவிட்டார்களே, ஏன் 1806 வரை எதுவும் நடக்கவில்லை என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு காரணம் இடத்தைச் சொல்கிறது, இன்னொன்று நேரத்தைச் சொல்கிறது, தனியாக எதுவும் போதாது என்பது அவர்களுக்கே பிடிபடும்.

கடைசியில் "தலைப்பாகை உத்தரவு வராமல் இருந்திருந்தால்?" என்று நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். "புரட்சியே நடந்திருக்காது" என்று மட்டும் எழுதினால் இன்னும் பிடிபடவில்லை. மே மாதமே அதை அணிய மறுத்தவர்களுக்குக் கசையடி கொடுத்ததை யாராவது உள்ளே இழுத்தால் தேறிவிட்டார்கள்.