திரையில் வரும் வைரஸ் எச்சரிக்கையும் அதிலுள்ள தொலைபேசி இலக்கமும்

கேள்வி: புதுக்குடியிருப்பில் கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். பாட்டு இறக்கப் போனால் திரை முழுக்க இங்கிலீசில் "வைரஸ் வந்துவிட்டது, உடனே இந்த இலக்கத்துக்கு எடுங்கள்" என்று வந்து சத்தமும் போடுது. மூடவும் ஏலாமல் கிடக்கு. எடுத்துக் கேட்டால் என்ன?

எடுக்க வேண்டாம். நீங்கள் பார்ப்பது ஓர் இணையப் பக்கம் மட்டுமே. உங்கள் கொம்பியூட்டருக்குள் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க இணையப் பக்கத்தால் முடியாது. அது முழுத்திரையாக விரிந்து, மேலே உள்ள முகவரிப் பட்டையையும் மூடும் குறியையும் மறைத்துவிடுகிறது. அதனால்தான் பூட்டுப்பட்டது போலத் தெரிகிறது. மைக்ரோசொப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் தொலைபேசி இலக்கம் இருக்காது என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஆகவே இலக்கம் தெரிந்தால் பொய் என்று அங்கேயே முடிவு செய்யலாம்.

முதலில் அதை மூடுங்கள். Esc விசையைச் சில விநாடிகள் அமத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், பிறகு Alt+F4. அதற்கும் அசையாவிட்டால் Ctrl+Shift+Esc அமத்தி, வரும் பட்டியலில் குறோமைத் தெரிந்து End task கொடுங்கள். திரும்பத் திறக்கும்போது Restore pages என்று கேட்டால் தொடவே வேண்டாம், அதே பக்கம் மறுபடி வந்து நிற்கும்.

சரி, எடுத்தால் என்ன நடக்கும்? அந்த இலக்கங்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் இலவச அழைப்பு இலக்கங்கள் போல இருக்கும். இங்கிருந்து எடுத்தால் இலவசமில்லை, வெளிநாட்டுக் கட்டணம் வெட்டலாம். ஆனால் அது மிகச் சின்ன நட்டம். மறுமுனையில் பேசுகிறவர் அவசரப்படமாட்டார், மரியாதையாகப் பேசுவார். விண்டோஸ் விசையையும் R ஐயும் சேர்த்து அமத்தி இதை அடிக்கச் சொல்வார்:

```
eventvwr
```

Event Viewer திறக்கும். அதில் Windows Logs, அதற்குள் System. சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கில் வரிகள் கிடக்கும். "பாருங்கள், இவ்வளவும் வைரஸ்" என்பார். பலர் நம்பிவிடுவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் இது நிசமாகவே விண்டோஸின் சொந்தத் திரை. ஆனால் அது வெறும் நாட்குறிப்பு. ஒரு சேவை பிந்தித் தொடங்கினாலும், இணையம் ஒரு கணம் அறுந்தாலும் அதில் வரி விழும். வன்னியில் யுபிஎஸ் இல்லாத கடை என்றால் கரண்ட் நின்று வரும் ஒவ்வொரு முறைக்கும் Kernel-Power, 41 என்று ஒரு வரி, அதுவும் Critical என்ற தலைப்பில் இருக்கும். கொம்பியூட்டர் முறையாக நிறுத்தப்படாமல் நின்றுபோனது என்பதே அதன் பொருள். புதிதாக வாங்கிய மடிக்கணினியிலும் இப்படி வரிகள் கிடக்கும். இப்போதே திறந்து ஒருமுறை பார்த்துவையுங்கள், பிறகு எவராலும் உங்களைப் பயப்படுத்த முடியாது.

பயந்ததும், "நாங்களே திருத்தித் தருகிறோம்" என்று தூரத்திலிருந்தே கொம்பியூட்டரை இயக்க விடும் எனிடெஸ்க் போன்ற ஒன்றை இறக்கச் சொல்லி, அதில் தெரியும் எண்ணை வாசிக்கச் சொல்வார்கள். எனிடெஸ்க் நல்ல மென்பொருள்தான். ஆனால் Accept அமத்திய கணத்திலிருந்து மவுஸ் அவர்கள் கையில். திருத்தக் கூலி என்று காட் விபரம் கேட்பார்கள், அல்லது இணைய வங்கிக்குள் நுழையச் சொல்லி, போனுக்கு வரும் ஓடிபி எண்ணையும் கேட்பார்கள். உங்கள் கடையில் ஆபத்து இன்னும் பெரிது: ஸ்கேன் எடுத்த அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், கடவுச்சீட்டுப் பிரதிகள் Downloads இலேயே கிடக்கும். வாடிக்கையாளர் வெளியேறாமல் விட்டுப்போன மின்னஞ்சலும் வட்ஸ்அப்பும் திறந்தபடி இருக்கும். அவை உங்களுடையவை அல்ல, ஊர்ச் சனத்தினுடையவை.

யாராவது ஏற்கெனவே உள்ளே விட்டிருந்தால், முதல் வேலை இணைய வயரைக் கழற்றுவது அல்லது ரவுட்டரை நிறுத்துவது. வங்கிக்கு உடனே எடுங்கள், காட்டின் பின்பக்கத்திலுள்ள இலக்கத்துக்கு மட்டும். கடவுச்சொற்களை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள், மின்னஞ்சலை முதலில், ஏனென்றால் மற்றவற்றை மீட்கும் வழி அதுதான். எனிடெஸ்க்கை அழிப்பது மட்டும் போதாது. நீங்கள் இல்லாதபோதும் நுழையக் கடவுச்சொல் வைத்திருப்பார்கள், வேறு மென்பொருளும் போட்டிருப்பார்கள். தேவையான கோப்புகளை எடுத்துவைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நம்பகமான வழி. முறையிட இலங்கை கணினி அவசரப் பதிலளிப்புப் பிரிவின் இலக்கம் 101.

பக்கத்தை மூடிய பிறகும் திரையின் கீழ் மூலையில் சின்னச் சின்ன எச்சரிக்கைகள் வந்தால், யாரோ ஒரு தளத்தில் Allow அமத்தியிருக்கிறார்கள். குறோமின் முகவரிப் பட்டையில் chrome://settings/content/notifications என்று அடித்து, அனுமதி பெற்ற தளங்களில் தெரியாத பெயர்கள் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள்.