பத்து நிமிடத்தில் பால் தரம்: ரெசாசூரின் பற்றி வந்த கேள்விகள்

பால் சொசைட்டிகளில் சோதனை பார்ப்பவர்களும் செயலர்களும் அனுப்பியிருந்த கேள்விகளில், கேனைக் குளிர்கலனில் ஊற்றுவதற்கு முன் ரெசாசூரின் என்ற நீலச் சாயத்தைப் பாலில் விட்டுச் செய்யும் பத்து நிமிடச் சோதனையைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சார், கொதிக்க வைத்துப் பார்த்தால் திரியவில்லை, அப்புறம் எதற்கு இந்தச் சாயம்?

பால் திரிய வேண்டுமென்றால் அதற்குள் புளிப்பு நன்றாக ஏறியிருக்க வேண்டும், அதாவது கிருமிகள் தங்கள் வேலையைப் பெரும்பாலும் முடித்திருக்க வேண்டும். ரெசாசூரின் அதற்கு முன்னாலேயே சொல்லிவிடும். கிருமிகள் பெருகும்போது பாலில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கின்றன, அதோடு நீலச் சாயத்தையும் மாற்றுகின்றன. நீலம் முதலில் ஊதாவாகி, பிறகு இளஞ்சிவப்பாகி, கடைசியில் வெள்ளையாகிவிடும். எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு கிருமி நடமாட்டம். இன்னொன்று, புளித்த பாலில் யாராவது சோடா கலந்து விட்டால் கொதி சோதனையில் அது தப்பிவிடும், ஆனால் கிருமிகள் உள்ளேயே இருப்பதால் சாயம் மாறத்தான் செய்யும்.

மெத்திலீன் நீலச் சோதனையும் இதே வழியில் போவதுதான், ஆனால் நல்ல பாலுக்கு அது ஐந்து மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வைக்கும். அதற்குள் உங்கள் பால் லாரி ஏறிப் போயிருக்கும்.

சரியாக எப்படிச் செய்வது? ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள்.

அளவுகள் எளிமையானவைதான். 10 மில்லி பால், 0.005 சதவீத ரெசாசூரின் கரைசல் 1 மில்லி, 37 டிகிரி வெந்நீர்த் தொட்டி, 10 நிமிடம். 0.05 சதவீத மூலக் கரைசல் வைத்திருந்தால் அதில் 1 மில்லிக்கு, கொதிக்க வைத்து ஆறவைத்த வாலை வடிநீர் 9 மில்லி சேர்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையாக வாங்கினால் அந்த டப்பாவில் எத்தனை மில்லி நீர் என்று போட்டிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள், ஏனென்றால் மாத்திரையின் எடை எல்லாவற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. கரைசலைப் பழுப்பு நிறக் குப்பியில் வைத்து அன்றன்றைக்கே கரைத்துப் பயன்படுத்துங்கள், வெளிச்சம் பட்டால் சாயம் தன்னால் மாறிவிடும். ஜன்னல் வெயில் படும் மேசையில் குழாய்களை வரிசையாக வைத்துவிட்டு "எல்லாப் பாலும் கெட்டுப்போச்சு" என்று சொல்கிற இடங்கள் உண்டு.

கேனை நன்றாகக் கலக்கிய பிறகுதான் மாதிரி எடுக்க வேண்டும். கிருமி நீக்கிய குழாய், கிருமி நீக்கிய மூடி. விரலால் வாயை மூடிக் கவிழ்ப்பது கூடாது. மூடியதும் ஒன்றிரண்டு முறை மெதுவாகத் தலைகீழாக்கினால் போதும், குலுக்காதீர்கள், ஏனென்றால் காற்று புகுந்தால் வெள்ளையாகப் போன பால்கூட மறுபடி சிவக்கும். தொட்டியில் நீர் மட்டம் குழாயில் இருக்கும் பாலின் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும்.

கூடவே இரண்டு குழாய்கள் வையுங்கள். ஒன்றில் கொதிக்க வைத்து ஆறிய பாலும் சாயமும், அது நீலமாகவே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கோளாறு உங்கள் சாயத்திலோ குழாயிலோ இருக்கிறது. இன்னொன்றில் சாயம் சேர்க்காத வெறும் பால், நிறம் ஒப்பிடும் கருவியில் எண் போட்ட நிற வட்டின் பக்கம் வைப்பதற்கு. பசும்பால் மஞ்சளாகவும் எருமைப்பால் வெள்ளையாகவும் இருப்பதால் இதை வைக்காமல் பார்க்கும் நிறம் கண்ணை ஏமாற்றும்.

வட்டில் என்ன எண் வந்தால் என்ன செய்வது?

எண் 6 நீலம், 0 வெள்ளை. 4, 5, 6 வந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 3 வரை வந்தால் அந்தக் கேனைத் தனியாக ஒதுக்கி வையுங்கள், குளிர்கலனில் நல்ல பாலோடு கலக்காதீர்கள். 0 வந்தால் திருப்பிவிட வேண்டியதுதான். இடையில் அரை எண்ணாக வந்தால் நான் எப்போதும் கீழே இருக்கும் எண்ணையே எடுப்பேன்.

கேன் எண் 3 மட்டும் தினமும் காலையில் 2 காட்டுகிறது, மற்றவை எல்லாம் 5. ஊற்றுகிறவர்கள் சுத்தமானவர்கள்தான். யாரைச் சந்தேகப்படுவது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பிரச்சினை இப்படித்தான் வருகிறது. முதலில் ஆளைச் சந்தேகப்படாதீர்கள். கொழுப்பு பார்க்க ஒவ்வொருவரிடமும் எடுக்கும் மாதிரியில் மீதியைக் கொட்டாமல், அந்தக் கேனில் ஊற்றியவர்கள் எல்லாருடைய பாலையும் தனித்தனிக் குழாயில் வைத்துச் சாயம் விடுங்கள். மாதிரிக் குப்பிகள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

எல்லாரும் 5 வந்து கேன் மட்டும் 2 என்றால் குற்றவாளி கேன்தான். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள், உள்பக்கம் மஞ்சளாக வழுவழுப்பாக ஒரு படலம் இருக்கும். அல்லது கழுவிவிட்டு ஈரத்தோடு மூடி வைத்திருப்பார்கள். வெந்நீரும் சோடாவும் போட்டுத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வைத்து உலர விட்டுவிட்டு, மறுநாள் மறுபடி பாருங்கள்.

ஒருவருடைய பால் மட்டும் 1 என்று வந்தால் அவசரப்படாமல் அந்தக் குழாயைத் தொட்டியிலேயே ஒரு மணி நேரம் விடுங்கள். தொடர்ந்து வெளுத்துக்கொண்டே போய் வெள்ளையாகிவிட்டால் பெரும்பாலும் கிருமிதான்: முந்தின நாள் மாலைப் பால் கலந்திருக்கலாம், பாத்திரம் சரியாகக் கழுவாமல் இருக்கலாம். சீக்கிரம் சிவந்துவிட்டு அப்புறம் அங்கேயே நின்றுவிட்டால் மடிநோயைச் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் மடியிலிருந்து வரும் வெள்ளையணுக்களும் இந்தச் சாயத்தைச் சிவப்பு வரைக்கும் கொண்டுபோகும். சீம்பாலும், கறவை வற்றப்போகும் மாட்டின் பாலும்கூட இப்படிக் காட்டும். அப்படிப்பட்டவரிடம் "பாத்திரத்தை ஒழுங்காகக் கழுவு" என்று சத்தம் போடுவது அநியாயம். நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியாகக் கறந்து மடிநோய்ச் சோதனை செய்து கால்நடை மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குளிர்கலனில் இருக்கும் பாலுக்கு 6 வருகிறது, ஆனால் டெய்ரியில் தரம் குறைவு என்கிறார்கள். யார் சொல்வது சரி?

அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். 4 டிகிரியில் வைத்த பாலில் கிருமி தூங்கிக்கிடக்கும், பத்து நிமிடத்தில் அது எழுந்து வேலை செய்யாது. குளிரிலேயே வளரும் கிருமிகளுக்கோ 37 டிகிரி ஒத்தே வராது. குளிர்ந்த பாலைத் தொட்டியில் 37 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகு சாயம் விட்டாலும் குறை ஓரளவுதான் தீரும். அதனால் இந்தச் சோதனையைக் கறந்து வந்த பாலுக்கு, குளிர்விப்பதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்கலன் பாலுக்கு ஆய்வகத்தில் கிருமிகளை எண்ணிப் பார்க்கும் முறைதான் சரி.

வெயில் காலத்தில் வெகு தூரத்திலிருந்து வரும் பால் எப்போதும் 6. மகிழ்ச்சிதானே?

இல்லை, அங்கேதான் உற்றுப் பார்க்க வேண்டும். மே மாதத்தில் கறந்து நாலு மணி நேரம் சூட்டிலேயே பயணித்த பால் துளிகூட நிறம் மாறாமல் நின்றால், ஃபார்மலினோ ஹைட்ரஜன் பெராக்சைடோ கலந்திருக்கிறதா என்று தனிச் சோதனை செய்யுங்கள். மாட்டுக்கு ஊசி போட்ட பிறகு பாலில் வரும் ஆண்டிபயாட்டிக்கும் கிருமியை அடக்கி நீலத்தை நீட்டிவிடும், எனவே சிகிச்சையில் இருக்கும் மாடு யாருடையது என்ற கணக்கு சொசைட்டியில் இருக்கட்டும்.