சர்க்கரை போன வழி

கேள்வி: ஆங்கில ‘ஷுகர்’ நம் சர்க்கரையிலிருந்து நேராகப் போன சொல்தானே? ஒலி இவ்வளவு ஒத்திருக்கும்போது வேறென்ன ஆதாரம் வேண்டும்?

பதில்: ஒலி ஒத்திருப்பது சந்தேகப்படக் காரணம், அவ்வளவுதான். பாரசீகத்தில் ‘பத்’ என்றால் கெட்டது, ஆங்கிலத்தில் ‘பேட்’ என்றாலும் கெட்டது. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆதாரம் வேண்டுமென்றால், எங்கே எந்த எழுத்து மாறியது என்று பார்க்க வேண்டும்.

சமஸ்கிருத ‘சர்க்கரா’வுக்குச் சரளைக்கல், பரல் என்று பொருள். கரும்புச்சாற்றிலிருந்து எடுத்த பருக்கைகளுக்கும் பிறகு அதுவே பெயராயிற்று. நம் சர்க்கரையும் அங்கிருந்து வந்ததுதான். பாலியில் ‘ர்’ உதிர்ந்து ‘சக்கரா’ ஆனது, பாரசீகத்தில் ‘ஷகர்’. இதுவரை முதல் அசையில் ‘அ’ இருக்கிறது. அரபிக்குள் போனதும் ‘சுக்கர்’. இந்த ‘உ’வை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இத்தாலியத்தில் ‘சுக்கெரோ’, பிரெஞ்சில் ‘சூக்ர்’, ஆங்கிலத்தில் ‘ஷுகர்’. எல்லாமே ‘உ’ வரிசை. ஆகவே இவை அரபி வாசலைத் தாண்டித்தான் வந்தன. ஆங்கிலத்துக்குக் கொடுத்தது பிரெஞ்சு, 13ஆம் நூற்றாண்டையொட்டி.

ஆனால் ஸ்பானியத்தில் ‘அசூகர்’. அந்த முன் ‘அ’ எங்கிருந்து வந்தது? அரபியில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘அல்’ என்ற சுட்டு, ‘ஸ’ முன்னால் நின்றால் ‘அஸ்’ ஆகும்: ‘அஸ்ஸுக்கர்’. அரபி பேசியவர்களோடு பல நூற்றாண்டுகள் கலந்து வாழ்ந்த ஐபீரியாவில், அதாவது ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதியில், அதை ஒரே சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். இத்தாலியத்தில் அந்த ஒட்டு இல்லை. ஒரே அரபிச் சொல், இரண்டு கிளை வழிகள். இப்படிப்பட்ட தழும்புகள்தான் உண்மையான சாட்சி.

அப்புறம், காலத்தையும் சரிபார்க்க வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்க நூல், நாணலிலிருந்து கிடைக்கும் தேனை ‘சாக்கரி’ என்பார்கள் என்கிறது. இதில் ‘அ’ அப்படியே இருக்கிறது. அரபி வழி வந்த ‘உ’ வடிவங்கள் ஐரோப்பாவில் தோன்றப் பல நூற்றாண்டுகள் முந்தியது இது, இந்தியாவோடு நடந்த கடல் வணிகத்தில் போனது. 1879இல் கண்டுபிடித்த இனிப்பூட்டிக்குச் ‘சாக்கரின்’ என்று பெயர் வைத்தபோது, இந்தப் பழைய கிளையைத்தான் எடுத்தார்கள். அகராதியில் பார்க்கும்போது இன்றைய உச்சரிப்பை ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு மொழியிலும் கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தையும் அதன் காலத்தையும் எழுதி, அந்தக் காலத்தில் அந்த இரு மக்களும் எங்கே சந்தித்தார்கள் என்று கேளுங்கள்.

நீங்கள் தேடும் தென்னிந்தியத் தொடர்பு ஷுகரில் இல்லை, ‘ஜாகரி’யில் இருக்கிறது. ஆங்கிலத்தில் வெல்லத்தைக் குறிக்கும் அந்தச் சொல், மலையாளச் ‘சக்கர’யைப் போர்த்துகீசியர் தங்கள் வாயில் ‘ஜாகரா’ என்று ஆக்கிக்கொண்டதிலிருந்து வந்தது.