பில் வந்தது, விசிட் வரவில்லை: ஏ.எம்.சி. கேள்வி பதில்

சென்னையில் இருபத்திரண்டு வருடம் ஏ.சி. சர்வீஸ் அலுவலகத்தில் கோ-ஆர்டினேட்டர் நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். ஏ.எம்.சி. என்கிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு பில் போட்டதும் நான்தான், ஆள் வரவில்லை என்று வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கியதும் நான்தான். ஏ.சி. நன்றாகத் தெரியும், ஜெனரேட்டர் கொஞ்சம் தெரியும். கேளுங்கள்.

அசோக் நகர், டியூஷன் சென்டர் நடத்துபவர்: எங்களிடம் 12 ஸ்பிளிட் ஏ.சி. ஏப்ரல் முதல் மார்ச் வரை, வருடத்துக்கு நான்கு விசிட் என்று ஒப்பந்தம். ரூ. 30,000, ஜி.எஸ்.டி.யோடு ரூ. 35,400. முழுப் பணமும் முன்னாலேயே கொடுத்துவிட்டோம். மே, ஆகஸ்ட் இரண்டு முறை வந்தார்கள். நவம்பரில் வரவே இல்லை. பிப்ரவரியில் வந்து ஏழு மெஷின்தான் செய்தார்கள். இப்போது அடுத்த வருட பில் வந்திருக்கிறது. நான் எவ்வளவு பிடிக்கலாம்?

விசிட்டை எண்ணாதீர்கள், மெஷினை எண்ணுங்கள். 12 மெஷின், நான்கு முறை. ஆக 48 சர்வீஸ் உங்களுக்கு வர வேண்டும். ரூ. 30,000ஐ 48ஆல் வகுத்தால் ஒரு சர்வீஸுக்கு ரூ. 625. வந்தது 12, 12, 7 என்று 31. மீதி 17. கணக்கு ரூ. 10,625 என்று நிற்கிறது. ஆனால் அதை அப்படியே கேட்டுவிடாதீர்கள். பிப்ரவரியில் அந்த ஐந்து மெஷின் ஏன் விட்டுப்போயிற்று? சர்வீஸ் ரிப்போர்ட்டில் ஏதாவது குறிப்பு எழுதியிருக்கிறார்களா?

அதே நபர்: வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ‘அப்புறம் வாருங்கள்’ என்று நாங்கள்தான் சொன்னோம். ரிப்போர்ட்டில் ‘மெஷின் கொடுக்கவில்லை’ என்று எழுதி என் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள்.

அப்படியானால் அந்த ஐந்தும் உங்கள் கணக்கு. ஆள் வந்தான், ஏணி வந்தது, ஜெட் பம்ப் வந்தது, நீங்கள் அறையைத் திறக்கவில்லை. இன்னொரு நாள் வந்து செய்து தரச் சொல்லிக் கேட்கலாம், உரிமையாகக் கேட்க முடியாது. மிஞ்சுவது நவம்பரின் 12 மெஷின். ரூ. 7,500, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ. 1,350, மொத்தம் ரூ. 8,850.

எப்படி வாங்குவது என்பதுதான் முக்கியம். ‘அடுத்த வருடம் ஐந்து விசிட்டாகச் செய்துவிடுகிறோம் சார்’ என்று போனில் சொல்வார்கள். நானே சொல்லியிருக்கிறேன். அந்த ஐந்தாவது விசிட் எங்கள் சிஸ்டத்தில் ஏறவே ஏறாது, ஏனென்றால் ஒப்பந்தத்தில் நான்குதான் இருக்கும். பழைய பில் எண்ணைக் குறிப்பிட்டு, அந்தத் தொகையைக் குறைத்துத் தரும் கிரெடிட் நோட் கேளுங்கள். வரியோடு சேர்த்து கிரெடிட் நோட் போட அவர்களுக்கும் கெடு உண்டு: பில் போட்ட நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30, அதற்கு முன்பே அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்ன் போட்டுவிட்டால் அந்தத் தேதி. அதனால் இப்போதே கேட்டால் ‘தேதி போய்விட்டது’ என்று தட்டிக்கழிக்க வழியில்லை. அந்த பில்லுக்கு நீங்கள் வரி கிரெடிட் எடுத்திருந்தால் ரூ. 1,350ஐத் திருப்ப வேண்டியிருக்கும், ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வேளச்சேரி: கேஸ் நிரப்புவது ஏ.எம்.சி.யில் சேருமா?

லேபர் மட்டும் என்ற ஒப்பந்தமானால் சேராது. உதிரி பாகமும் அடங்கும் காம்ப்ரிஹென்சிவ் என்றால் பெரும்பாலும் சேரும். ஆனால் காயில் ஓட்டையாகி கேஸ் போயிருந்தால் காயிலுக்கு யார் பணம் என்பதை விலக்குப் பட்டியலில் படித்துக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூர், ஓய்வு பெற்ற கணக்காளர்: இவ்வளவு சுற்று எதற்கு? 30,000ஐ 12 மாதத்தால் வகுத்தால் மாதம் 2,500. மூன்று மாத விசிட் போயிற்று, 7,500. அசோக் நகர்க்காரர் ஒரு டெபிட் நோட் போட்டு வரியோடு பிடித்துக்கொள்ள வேண்டியதுதானே?

ஐயா, விடை ஒன்றாக வந்தது தற்செயல். ஒரு காலாண்டு முழுதாக விட்டுப்போனதால் ஒத்துப்போகிறது. ஏழு மெஷின் செய்து ஐந்தை விட்ட விசிட்டுக்கு மாதக் கணக்கு என்ன சொல்லும்? இரண்டாவது, வாங்கியவர் போடும் டெபிட் நோட் அவர் புத்தகத்துக்கு மட்டும்தான். விற்றவர் கிரெடிட் நோட் போட்டால்தான் வரி குறையும். நீங்களாகப் பிடித்தால் அவர்கள் லெட்ஜரில் ‘நிலுவை ரூ. 8,850’ என்று தொங்கும். மே மாதம் மெஷின் நின்றால் அதைக் காட்டித்தான் ஆள் அனுப்ப மறுப்பார்கள்.

அம்பத்தூர், ஏ.சி. சர்வீஸ் கடை வைத்திருப்பவர்: அண்ணே, நீங்களே இப்படிச் சொன்னால் எப்படி? ஏ.எம்.சி. பணம் நான்கு விசிட்டுக்கு மட்டுமா? கத்திரி வெயிலில் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் செய்தால் ஓடுகிறேனே, அதற்கு யார் கொடுப்பது? ஒரு சர்வீஸுக்கு 625 என்று பிரித்தால் என் பிழைப்பு என்ன ஆகும்?

நியாயமான கோபம். பிரேக்டவுன் அழைப்புக்குத் தயாராக ஆள் வைத்திருப்பதும் அந்த ரூ. 30,000க்குள்தான் இருக்கிறது. அதற்கு ஒரு பங்கு ஒதுக்கினால் 625 குறையத்தான் செய்யும். ஆனால் உங்கள் கொட்டேஷனில் அதைத் தனியாக எழுதியிருக்கிறீர்களா, தம்பி? ‘நான்கு பிரிவென்டிவ் சர்வீஸ், ஒரு மெஷினுக்கு ரூ. 2,500’ என்று மட்டும் எழுதினால் வாடிக்கையாளர் நான்கால்தான் வகுப்பார்.

அம்பத்தூர்: எழுதினால் குறைவாகக் கொட்டேஷன் போட்டவனுக்கு ஆர்டர் போய்விடும். அது மட்டுமில்லை, நவம்பரில் மொட்டை மாடியில் மழை. அவுட்டோர் யூனிட்டைத் திறக்க முடியாது. பையனுக்கு ஷாக் அடித்தால் யார் பொறுப்பு?

மழையில் பையனை மாடிக்கு ஏற்றாதீர்கள், அதில் நானும் உங்கள் கட்சி. ஆனால் மழை விட்டபின் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ வந்திருக்கலாமே. ‘மழையால் தள்ளிப்போகிறது, இந்தத் தேதியில் வருகிறோம்’ என்று ஒரு மெயில் அனுப்பியிருந்தால் வழக்கே இல்லை.

மயிலாப்பூர்: தயார்நிலைக்கு ஒரு பங்கு என்றால் எவ்வளவு? பாதியா?

என் பழைய கம்பெனியில் பேச்சு முற்றினால் பாதியில் முடிப்போம். அதற்குக் கணக்கு எதுவும் கிடையாது, சோர்ந்துபோய் நிறுத்தும் இடம் அது. அம்பத்தூர்க்காரர் பாதியே அதிகம் என்பார், அசோக் நகர்க்காரர் குறைவு என்பார். ஒப்பந்தத்தில் எழுதாத வரை இது தீராது.

பெசன்ட் நகர்: கடற்கரைக்குப் பக்கம். விசிட் ஒழுங்காக வருகிறது, ஆனாலும் மூன்று வருடத்தில் அவுட்டோர் காயிலின் தகடு உதிர்கிறது. சர்வீஸ் சரியில்லையா?

உப்புக்காற்று. நான்கு விசிட்டில் இரண்டு டிரை சர்வீஸ் என்றால், அதில் உள்யூனிட்டின் ஃபில்டரைத் தட்டி, பிளோயர் அடித்துவிட்டுப் போவார்கள். வெளியே தண்ணீர் படாது. உங்கள் தெருவுக்கு நான்கும் வெட் சர்வீஸாக, அவுட்டோர் காயிலை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவாமலிருப்பதே மேல். விலை கூடும். உதிர்ந்த தகட்டை இனி எந்த சர்வீஸும் ஒட்டாது.

போரூர்: கேஸ் ஃபில்லிங் ஃப்ரீயா சார்?

மேலே பாருங்கள்.

தாம்பரம், குடியிருப்போர் சங்கம்: ஜெனரேட்டர் வருடத்தில் 90 மணி நேரம்தான் ஓடியது. பி-செக் என்று ஆயில், ஃபில்டருக்குத் தனி பில் போடுகிறார்கள். ஏ.எம்.சி. எதற்கு அப்புறம்?

ஓடிய மணி நேரம் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அதற்கு ஆயில் மாற்றச் சொல்வதுதான் வழக்கம். ஓடாத எஞ்சினிலும் ஆயில் கெடும். ஆயிலும் ஃபில்டரும் கன்ஸ்யூமபிள் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் தனி பில் சரி, கூலி கேட்டால் தப்பு. பழைய ஃபில்டர்களை உங்கள் கண் முன்னால் கழற்றச் சொல்லி, அங்கேயே விட்டுப்போகச் சொல்லுங்கள். வெற்று ரிப்போர்ட்டில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கே.கே. நகர்: எங்கள் லிஃப்ட் லைசென்ஸ் புதுப்பிப்பது ஏ.எம்.சி. கம்பெனி வேலையா, எங்கள் வேலையா?

லிஃப்ட் எனக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் அரசின் மின் ஆய்வுத் துறை பார்க்கிற விஷயம், அங்கே கேளுங்கள்.

ஆவடி: வாஷிங் மெஷினுக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி போடலாமா?

அது ஏ.எம்.சி. இல்லை. கடைக்காரரிடம் கேளுங்கள்.

பெரம்பூர், கிளினிக் நடத்தும் மருத்துவர்: ரிப்போர்ட் எல்லாம் ஒழுங்காக ஃபைலில் இருக்கிறது. ஆனால் உண்மையிலேயே வேலை நடந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி, மேடம். ரிப்போர்ட்டில் உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் இருக்கும். ஒழுங்கான வெட் சர்வீஸுக்கு இரண்டு பேர் சேர்ந்தாலும் ஒரு மெஷினுக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். பன்னிரண்டு மெஷினை 11 மணிக்கு ஆரம்பித்து 1 மணிக்கு முடித்ததாக இருந்தால், படிக்கட்டில் உட்கார்ந்து எழுதியது.

அப்புறம் ஆம்ப் எண், அதாவது மெஷின் இழுக்கும் கரண்ட்டின் அளவு. கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டிப் பார்த்து எழுதுவது. ஒரு டன் மெஷினும் ஒன்றரை டன் மெஷினும் ஒரே ஆம்ப் காட்டாது. இன்வெர்ட்டர் மெஷினில் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். எல்லாக் கட்டத்திலும் ஒரே எண் இருந்தால் மீட்டர் பையை விட்டே வெளியில் வரவில்லை. இன்னொன்று, வேலை முடிந்ததும் டிரெயின் குழாயின் தண்ணீரைப் பாருங்கள். கழுவியிருந்தால் கறுப்பாக வந்திருக்கும், தரையில் தடம் இருக்கும். ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணிடம் ‘இங்கே ஒரு சைன் போடுங்க மேடம்’ என்று காலி ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். போட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

திருவொற்றியூர்: கேஸ்…

வேண்டாம்.

குரோம்பேட்டை: மார்ச் 31இல் ஏ.எம்.சி. முடிந்தது. ஜூன் 20இல்தான் பணம் கட்டினோம். பில்லில் ஏப்ரல் 1 முதல் என்று இருக்கிறது. சரியா?

அந்த 80 நாளில் நீங்கள் கூப்பிட்டு அவர்கள் வந்தார்களா? வந்திருந்தால் சரி. வரவில்லை என்றால் ஜூன் 20 முதல் தேதி மாற்றச் சொல்லுங்கள். பதிலுக்கு மெஷின்களை முதலில் சோதித்துப் பார்த்து, இருக்கும் பழுதைச் சரிசெய்ய உங்களிடம் பணம் கேட்பார்கள், அது அவர்கள் உரிமை. கணக்குப் போட்டுப் பாருங்கள். மெஷின் பழசானால் பழைய தேதியே லாபமாக இருக்கலாம்.

அசோக் நகர், டியூஷன் சென்டர்: சார், மறுபடி நான்தான். கிரெடிட் நோட் கேட்டு மெயில் அனுப்பினேன். பதிலுக்கு நவம்பர் 18 தேதியிட்ட சர்வீஸ் ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார்கள். 12 மெஷினும் செய்ததாக. எங்கள் வாட்ச்மேன் கையெழுத்து. அவர் ‘ஏதோ பேப்பர் நீட்டினாங்க, போட்டேன்’ என்கிறார். ஆம்ப் எல்லாவற்றிலும் 7.2.

உங்களிடம் ஒரு டன் மெஷின் இருக்கிறதா?

அதே நபர்: இரண்டு இருக்கிறது. ஆபீஸ் ரூமில்.

அந்த இரண்டு வரியையும் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புங்கள். அதற்கு முன்னால் கேட் ரெஜிஸ்டரை எடுத்து நவம்பர் 18ஆம் தேதிப் பக்கத்தைப் பாருங்கள். அந்தக் கம்பெனி ஆள் உள்ளே வந்ததாக எழுதியிருந்தால் நேரத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள். பக்கமே காலியாக இருந்தால் அதையும் போட்டோ எடுத்து வையுங்கள்.