"100% எக்கோ ஃப்ரெண்ட்லி"னு கேப்ஷன் போட்டா ஆதாரம் கேக்குறாங்க, வேற எப்படி எழுதுறது?

கேள்வி: சோள மாவு கொரியர் கவர் விக்கிற சின்ன பிராண்ட் வச்சிருக்கேன். இன்ஸ்டாவுல "100% எக்கோ ஃப்ரெண்ட்லி, பிளாஸ்டிக்கே இல்லாத கவர், மண்ணோட மண்ணா மக்கிடும்"னு போட்டேன். ஒருத்தர் வந்து ஆதாரம் எங்கன்னு கேட்டுட்டாரு. இனிமே எப்படி எழுதணும்?

பதில்:

நானும் ஆறு வருஷமா இதே கவர்தான் சின்ன கடைகளுக்கு சப்ளை பண்றேன், கேப்ஷனும் நானேதான் எழுதுவேன், கிட்டத்தட்ட உங்க வரியையே ஒரு காலத்துல நானும் போட்டிருக்கேன். அதனால உங்க கேப்ஷனையே எடுத்துக்குவோம்.

முதல்ல "பிளாஸ்டிக்கே இல்லாத"ங்கறத இன்னைக்கே தூக்கிடுங்க. சோள மாவு கவர்னு நாம எல்லாரும் சொல்றோமே, அதுல பெரும்பாலும் பாதிக்கு மேல பிபிஏடிங்கற பாலியஸ்டர்தான் இருக்கும், அது பெட்ரோலியத்துல இருந்து வர்றது, கூடவே சோளத்துல இருந்து எடுத்த பிஎல்ஏவோ ஸ்டார்ச்சோ சேர்ப்பாங்க. பிபிஏடி பெட்ரோலியத்துல இருந்து வந்தாலும் சரியான சூட்டுல மக்கும், அது உண்மை, ஆனா அது பிளாஸ்டிக்தான். நம்ம நாட்டு பிளாஸ்டிக் கழிவு விதியே இத "கம்போஸ்டபிள் பிளாஸ்டிக்"னுதான் சொல்லுது. அதனால நீங்களும் அந்தப் பேரையே எழுதுங்க, கஸ்டமர் ஓடிட மாட்டாங்க.

அடுத்தது "மண்ணோட மண்ணா மக்கிடும்". இதுலதான் எனக்கு பெரிய அடி விழுந்துச்சு. ஒரு கஸ்டமர் அக்கா மொட்டைமாடி கம்போஸ்ட் தொட்டியில நம்ம கவரப் போட்டு அஞ்சு மாசம் கழிச்சு தோண்டி போட்டோ அனுப்பினாங்க, ஓரம் மட்டும் நொறுங்கியிருந்துச்சு, நடுவுல நான் அடிச்ச லோகோ அப்படியே படிக்கிற மாதிரி இருந்துச்சு. எனக்கு தூக்கமே வரல. சப்ளையர்கிட்ட கேட்டா டெஸ்ட் ரிப்போர்ட் அனுப்பினாரு, அத உக்காந்து முழுசா படிச்சப்புறம்தான் புரிஞ்சுது. ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088ங்கற தரப்படி பண்ற டெஸ்ட்ல கம்போஸ்ட்ட 58 டிகிரி பக்கத்துலயே வச்சிருப்பாங்க, அந்தச் சூட்டுல 12 வாரத்துல கவர் நொறுங்கி 2 மில்லிமீட்டர் சல்லடையில 90 சதவீதம் கீழ இறங்கணும், 180 நாளுக்குள்ள அதுல இருக்கற கார்பன்ல 90 சதவீதம் கார்பன் டை ஆக்சைடா மாறணும். நம்ம வீட்டுத் தொட்டியில தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தேன், நல்லா கிளறி விட்ட நாள்லயே 40ஐத் தாண்டல. அப்போ அந்த ரிப்போர்ட் பொய் இல்ல, அந்த அக்காவும் பொய் சொல்லல, இடத்த சொல்லாம விட்ட என் கேப்ஷன்தான் தப்பு. ஏரியில விழுந்தாலும் குப்பைமேட்டுல அழுந்திக் கிடந்தாலும் இந்த ரிப்போர்ட் அதுக்கு எந்த உத்தரவாதமும் தராது, ஏன்னா அங்க டெஸ்டே பண்ணல.

ரிப்போர்ட் கையில இருந்தா மட்டும் போதாது, அது உங்க கவருக்குத்தானான்னும் பாக்கணும். ரிப்போர்ட்ல டெஸ்ட் பண்ண ஷீட்டோட மைக்ரான் போட்டிருக்கும். 50 மைக்ரான்ல டெஸ்ட் பண்ணிட்டு, கிழியாம இருக்கட்டும்னு நீங்க 80 மைக்ரான்ல ஆர்டர் குடுத்திருந்தா நொறுங்குற டெஸ்ட்டு அந்த 80க்கு செல்லாது, தடிமன் கூடினா நொறுங்க நேரம் கூடும். கவர் மேல அடிக்கிற இங்க், சீல் பண்ற பசை, அட்ரஸ் லேபிள் இதுவும் அதே மாதிரிதான், டெஸ்ட் ஆனது எதுன்னு கேட்டு எழுதி வாங்குங்க. சில சப்ளையருங்க ஒரு கெமிக்கல்ல கவரப் போட்டு கரையறத வீடியோவா காட்டுவாங்க. அது சாதா பாலித்தீன் இல்லன்னுதான் காட்டும், மக்கும்னு காட்டாது, ரெண்டும் வேற வேற.

அப்புறம் கம்போஸ்டபிள் பை செய்றவங்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல சர்டிபிகேட் வாங்கியிருக்கணும். பை மேலயே செய்றவங்க பேரும் அந்த நம்பரும் அச்சாகியிருக்கான்னு பாருங்க. வாரியம் தன்னோட சைட்டுல சர்டிபிகேட் வாங்கினவங்க லிஸ்ட் போடுறாங்க, அதுல உங்க சப்ளையர் பேரு இருக்கான்னு பாக்க அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. நான் ஒருத்தர்கிட்ட வாங்கறப்போ நம்பர் இருந்துச்சு, ஆனா பேரு வேற கம்பெனியோடது, அந்த சரக்க அப்படியே திருப்பி அனுப்பிட்டேன்.

"100% எக்கோ ஃப்ரெண்ட்லி"க்கு வர்றேன். 2024 அக்டோபர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதுக்குன்னே வழிகாட்டுதல் போட்டாங்க. எக்கோ ஃப்ரெண்ட்லி, கிரீன் மாதிரி பொதுவான வார்த்தைய விளக்கமும் ஆதாரமும் இல்லாம போடக்கூடாது, பொருள் முழுசையும் சொல்றியா, ஒரு பாகத்த மட்டுமா, பேக்கேஜிங்க மட்டுமான்னு தெளிவா சொல்லணும், கம்போஸ்டபிள், பிளாஸ்டிக் ஃப்ரீன்னு சொன்னா சர்டிபிகேட்டோ நம்பத்தகுந்த டெஸ்ட்டோ இருக்கணும். விவரத்த கியூஆர் கோடுலயோ லிங்க்லயோ வைக்கலாம்னும் இருக்கு. உங்களுக்கு கமெண்ட்ல வந்தவர் கேட்டது இதேதான்.

இப்போ நான் போடுற கேப்ஷன் இது, அளவு, கலவை, மைக்ரான், லிங்க் எல்லாத்தையும் உங்க கவருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க:

"இந்த 10க்கு 12 இன்ச் கவர் கம்போஸ்டபிள் பிளாஸ்டிக்ல செஞ்சது (பிபிஏடி, பிஎல்ஏ கலவை). 50 மைக்ரான் ஷீட் ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 படி டெஸ்ட் ஆனது, செஞ்சவங்க பேரும் சர்டிபிகேட் நம்பரும் கவரோட கீழ் ஓரத்துல இருக்கு, ரிப்போர்ட் பயோ லிங்க்ல. இது மக்க பெரிய கம்போஸ்ட் யூனிட்டோட சூடு வேணும், வீட்டுத் தொட்டியில மாசக்கணக்கா அப்படியே கிடக்கலாம். அட்ரஸ் லேபிள் மக்காது, உரிச்சுட்டுப் போடுங்க."

நீளமா இருக்கேன்னு தோணும். எனக்கு லைக் கொஞ்சம் குறைஞ்சுது, ஆனா "எங்க போடணும்"னு கேட்டு வர்ற மெசேஜ் அடங்கிடுச்சு.

இன்னொண்ணு, "பிளாஸ்டிக்க குறைச்சுட்டோம்"னு போட ஆசை வந்தா லேப் எதுவும் வேணாம், சமையல் தராசு போதும். ஒரு சோப்பு கடைக்கு பப்பிள் ராப்ப மாத்திக் குடுத்தேன். முன்னாடி ஒரு பார்சலுக்கு பப்பிள் ராப் 14 கிராம், டேப் 1 கிராம், ஆக மொத்தம் 15 கிராம் பிளாஸ்டிக். இப்போ பேப்பர் துண்டு 20 கிராம், அதே டேப் 1 கிராம். அதனால "நாலு சோப்பு பார்சல்ல பிளாஸ்டிக் 15 கிராம்ல இருந்து 1 கிராமுக்கு வந்திருக்கு, 2023ல நாங்களே போட்ட பார்சலோட ஒப்பிட்டு"னு எழுதினோம். "பேக்கேஜிங்கே குறைஞ்சிடுச்சு"னு எழுத அவங்க கேட்டாங்க, நான் ஒத்துக்கல, மொத்த எடை 15ல இருந்து 21 ஆகியிருக்கு பாருங்க. தராசுல வச்ச போட்டோவ அதே போஸ்ட்ல ரெண்டாவது படமா போட்டுட்டோம்.

அந்த கமெண்ட்ட டெலீட் மட்டும் பண்ணிடாதீங்க. பழைய கேப்ஷன மாத்திட்டு, "நீங்க கேட்டது சரி, கேப்ஷன திருத்திட்டேன், ரிப்போர்ட் லிங்க் இதோ"னு அவருக்கு அங்கேயே பதில் போடுங்க. சப்ளையரயோ மைக்ரானயோ மாத்துறப்போ கேப்ஷனையும் லிங்க்கையும் அன்னைக்கே மாத்தணும், நான் இதுக்காகவே ஒவ்வொரு லோடு வர்றப்போவும் கவரோட ஓரத்த போட்டோ எடுத்து தேதி போட்டு வச்சிருக்கேன்.